ப்ராஜெக்டைல் படத்துல அம்பு கோட்டை வெட்டுனா எங்க தப்புன்னு பாக்கணும்

அக்கா மகன் தங்கச்சிமடத்துல பிளஸ் ஒன் படிக்கிறான். எறிபொருள் பாதை வரைஞ்சு அஞ்சு இடத்துல திசைவேகத்தோட ரெண்டு கூறையும் அம்பு போட்டுக் காட்டணும்னு ஸ்கூல்ல சொல்லிருக்காங்க, அவன் கணக்கெல்லாம் கரெக்டா போட்டு வரைஞ்சுட்டு வந்து "மாமா, அம்பு மட்டும் கோட்டோட ஒட்டவே மாட்டேங்குது"ன்னு நிக்கிறான்.

எடுத்துக்கிட்ட எண்கள் நல்ல எண்கள்தான். கிடைத்தளக் கூறு 15 மீ/வி, செங்குத்துக் கூறு 20 மீ/வி, g 10. அதாவது 25 மீ/வி வேகத்துல ஏறக்குறைய 53 டிகிரில எறியுறோம். ஒவ்வொரு செகண்டுக்கும் செங்குத்து வேகம் 20, 10, 0, −10, −20ன்னு இறங்கும், கிடைத்தளம் கடைசி வரைக்கும் அதே 15. 2 செகண்டுல உச்சி, உயரம் 20 மீட்டர். 4 செகண்டுல தரைக்கு வந்துடும், நெடுக்கம் 60 மீட்டர்.

கிராஃப் பேப்பர்ல படம் பட்டையா தெரியுதேன்னு பய கிடைத்தளத்துக்கு 1 செமீ = 5 மீட்டர், உயரத்துக்கு மட்டும் 1 செமீ = 2 மீட்டர்னு ஸ்கேல் வச்சிருக்கான். சும்மா y-x கிராஃபுக்கு அது தப்பே இல்ல. ஆனா மேல அம்பு போடப் போறோம்ல, அங்கதான் வினை. 1 செகண்ட் புள்ளில கூறுகள் 15ம் 10ம், அதனால தொகுபயன் அம்பு கிட்டத்தட்ட 34 டிகிரி சாஞ்சு போகும். அவன் வரைஞ்ச கோடு அதே இடத்துல 59 டிகிரில ஏறிட்டு இருக்கு. அம்பு தொடுகோடா நிக்காம கோட்டுக்குக் கீழ பூந்துருச்சு. திசைவேகம் எப்பவும் பாதையோட தொடுகோட்டுலதான் இருக்கணும், அதனால கணக்கு சரியா இருந்து அம்பு வெட்டுச்சுன்னா முதல்ல ஸ்கேலத்தான் பாக்கணும்.

ரெண்டு பக்கமும் 1 செமீ = 5 மீட்டர்னு மாத்துனோம். புள்ளிகள் (0,0), (3,3), (6,4), (9,3), (12,0)ன்னு அழகா செமீட்டர்லயே விழுந்துருச்சு. அஞ்சை மட்டும் வச்சு கோடு இழுத்தா ஓட்டுக் கூரை மாதிரி முனை முனையா வரும், அதனால நடுவுல அரை செகண்ட் புள்ளிகளையும் வச்சோம், (1.5, 1.75), (4.5, 3.75), அப்புறம் மறுபக்கமும் அதே உயரத்துல ரெண்டு. இதுக்கெல்லாம் அம்பு வேணாம், கோடு நல்லா வரத்தான். வெளக்கமாத்துல இருந்து ஒரு தென்ன ஈர்க்க உருவி புள்ளிகளுக்கு மேல வளைச்சுப் பிடிக்கச் சொல்லிட்டு நான் பென்சிலால இழுத்தேன், கையால இழுக்குறதுக்கு இது எவ்வளவோ தேவல.

அம்புக்கு தனி ஸ்கேல், 1 செமீ = 10 மீ/வி, இத ஓரத்துல எழுதியே ஆகணும், இல்லன்னா மீட்டர்னு நெனச்சுப்பாங்க. கிடைத்தள அம்பு அஞ்சு இடத்துலயும் 1.5 செமீ, அடிஸ்கேல வச்சு அளந்தா ஒரு மில்லி கூட மாறக்கூடாது. செங்குத்து 2, 1, ஒண்ணுமில்ல, கீழ 1, கீழ 2. உச்சில அம்பே வேணாமான்னு கேட்டான். செங்குத்துதாண்டா பூஜ்ஜியம் மாப்ள, 15 இன்னும் அங்கதான இருக்குன்னேன். நெறைய பேர் அங்க v = 0ன்னு எழுதிட்டு வந்துடுறாங்க.

சரியா வந்துருக்கான்னு பாக்க செட் ஸ்கொயர் போதும். 0 செகண்ட் புள்ளியையும் 2 செகண்ட் புள்ளியையும் ஸ்கேல் வச்சு சேத்தா வர்ற நேர்கோடு 1 செகண்ட் தொகுபயன் அம்புக்கு இணையா இருக்கணும், ரெண்டுமே 3க்கு 2தான் ஏறுது. பரவளையத்துல இது எந்தப் புள்ளிக்கும் ஒத்து வரும், முன்னாடி ஒரு செகண்டும் பின்னாடி ஒரு செகண்டும் எடுத்துக்கிட்டா போதும். இன்னொண்ணு, எறியுற எடத்துத் தொகுபயன் அம்ப நீட்டிக்கிட்டே போனா உச்சிக்கு நேர் மேல, உயரத்துல சரியா ரெண்டு மடங்குல, அதாவது தரையில இருந்து 8 செமீல வெட்டணும். எங்களுக்கு ஒரு நூல் தள்ளி வெட்டுச்சு, அது பென்சில் முனைத் தடிமன்.

அப்புறம் பய நல்லா ஒரு கேள்வி கேட்டான், கச்சான் காத்துல கடற்கரையில பிளாஸ்டிக் பந்த எறிஞ்சா இப்படி வராதேன்னு. வராதுதான். காத்து எதிர்த்துச்சுன்னா கிடைத்தள அம்பு போகப் போகக் குறுகும், இறங்குற பக்கம் செங்குத்தா சரியும், ரெண்டு பாதியும் ஒண்ணா இருக்காது. அதனால படத்துக்குக் கீழ "காற்றுத் தடை புறக்கணிக்கப்பட்டது, g = 10 மீ/வி²"ன்னு ஒரு வரி எழுத வச்சேன், அது இல்லாம அஞ்சு இடத்துலயும் ஒரே நீளத்துல கிடைத்தள அம்பு போட நமக்கு உரிமையே கிடையாது.