நாளை மறுநாள்

பிப்ரவரி 6, வெள்ளி

அம்மாவுக்குப் புதன்கிழமை வரை பொறுமை இல்லை. 30 வருடம் கழித்துச் சாவித்திரி அத்தையைப் பார்க்கப் போகிறாள். வெளிநாட்டிலிருந்து வந்து அண்ணன் வீட்டில் தங்கியிருக்கும் அத்தையோடு இதுவரை போனில்தான் பேச்சு. 11ஆம் தேதி காலை 10 மணிக்கு, இருவரும் படித்த பள்ளிக்கூட வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. கட்டிக்கொண்டு போகும் புடவையை இன்றே எடுத்து வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 7, சனி

காலையில் அடுப்படியிலிருந்தே அம்மா சொன்னாள். "புதன் இல்லையாம்டி, திங்கட்கிழமையே வரச் சொல்றா." இரண்டு நாள் முன்னாலேயே பார்க்கலாம் என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆறு மணிக்கு எழுந்ததும் செய்தியைப் பார்த்து, "சரி, கட்டாயம் வரேன்" என்று உடனே பதில் போட்டிருக்கிறாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை. அம்மா பழைய குரூப் போட்டோவைத் தேடி எடுத்தாள். இரண்டாவது வரிசையில் இரட்டைப் பின்னலோடு ஒட்டி நிற்கும் இருவரும் கேமராவைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். நாளைக்குக் காட்ட வேண்டுமென்று அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 9, திங்கள்

அம்மாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பதே முக்காலுக்கே போய்விட்டோம். பத்தரை வரை அம்மா உட்காரவே இல்லை. பதினொரு மணிக்கு அத்தைக்குக் கூப்பிட்டால் போன் அணைத்திருப்பதாக வந்தது. "எங்கே இருக்கே?" என்று அனுப்பிய செய்தியில் ஒற்றை டிக்தான் விழுந்தது.

வாட்ச்மேன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்து, "யாரையாவது எதிர்பார்க்கிறீங்களாம்மா? நேத்து லீவு நாள். நேத்தும் ஒரு அம்மா இப்படித்தான் வந்து, இதே திண்ணையில ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. கண்ணாடி போட்டவங்க" என்றார்.

அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

போனை வாங்கிப் பார்த்தேன். அத்தையின் செய்தி இது: "தூக்கம் வரல. புதன் எனக்கு முடியாது டீ. நாளை மறுநாள் வெச்சுக்கலாம். 10 மணி, அதே இடம். மத்ததை நேர்ல சொல்றேன்." செய்திக்கு மேலே 'சனிக்கிழமை' என்று இருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் 12:47 AM.

அத்தை இன்னும் படுக்கவில்லை. அவளுக்கு அது வெள்ளிக்கிழமை ராத்திரி, அதனால் நாளை மறுநாள் ஞாயிறு. அம்மா தூங்கி எழுந்து சனிக்கிழமை காலையில் படித்தாள். அவளுக்கு நாளை மறுநாள் திங்கள். நள்ளிரவு தாண்டி அந்த 47 நிமிடத்தில் போனுக்கு நாள் மாறிவிட்டது, கண் மூடாத மனுஷிக்கு மாறவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் அனுப்பியிருந்தால்கூட மேலே 'வெள்ளி' என்றோ 'நேற்று' என்றோ காட்டியிருக்கும், அம்மா ஒரு நொடி யோசித்திருப்பாள். இரண்டு பேரில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அம்மாவின் பதிலிலும் கிழமை இல்லை. அதனால் அத்தைக்கும் சந்தேகம் வர வழியில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு அத்தையிடமிருந்து செய்தி வந்தது. அவசரமாகத் திரும்ப வேண்டியிருந்ததால் ஞாயிறு ராத்திரியே விமானம் ஏறிவிட்டாளாம். அண்ணன் வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்தால் அவள் போனில் நெட் கிடையாது. வாசலிலிருந்து நேரே விமான நிலையம் போய்விட்டதால் கூப்பிட முடியவில்லை. கடைசியில், "உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? அதை நினைச்சேதான் வழியெல்லாம் வந்தேன்."

அம்மா அந்தக் கடைசி வரியை எனக்குப் படித்துக் காட்டினாள். இரண்டாவது முறை படிக்கும்போது குரல் வரவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

நடந்ததை நான் விளக்கி எழுதித் தருகிறேன் என்றேன். அம்மா கேட்கவில்லை, நேரே கூப்பிட்டுவிட்டாள். முதல் ஐந்து நிமிடம் இரண்டு பேரும் அழுதார்கள். அப்புறம் அம்மா அந்தப் போட்டோவைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். அத்தை, "கிட்டக் கொண்டா, கிட்டக் கொண்டா" என்றாள். அடுத்த வருகை எப்போதென்று அத்தைக்கே தெரியாது. அதுவரை வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவதென்று முடிவு.

சாயங்காலம் அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினாள்: "பிப்ரவரி 14, சனிக்கிழமை, காலை 10 மணி."

பத்து நிமிடத்தில் அத்தையின் பதில்: "உன் ஊர் 10 மணியா, என் ஊர் 10 மணியா?"