இடைவெளியில் பாதி: எச்-ஆர் வரைபில் அரக்கனையும் குள்ளனையும் பிரிக்க நான் பிடித்துக்கொண்ட வழி

வானியல் ஒலிம்பியாட் பெறுபேற்றில் என் பெயரைப் பார்த்த பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட முடிந்தது. இப்போது உப்புவெளியிலும் திருகோணமலை நகரத்திலும் அடுத்த முறை எழுத இருக்கும் தம்பி தங்கச்சிமார் "என்ன படித்தீர்கள்?" என்று கேட்டபடி இருக்கிறார்கள். எல்லாப் பகுதிக்கும் வழி சொல்ல எனக்கு வராது. கோள்களின் இயக்கம், ஆள்கூறுகள் இரண்டையும் எல்லோரையும் போலப் பழைய வினாத்தாள்களை வைத்துத்தான் செய்தேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குப் புள்ளியை அள்ளித் தந்தது உடுக்களின் ஒளிர்வையும் வெப்பநிலையையும் ஒன்றாகக் குறிக்கும் எச்-ஆர் வரைபு. ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன்.

வரைபு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூலைக்கு மூலை சூரியனைப் போன்ற சாதாரண உடுக்களின் பிரதான தொடர், வலது மேலே அரக்கர்கள், இடது கீழே வெண்குள்ளர்கள். இந்தப் படத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் பலர். வினா அமைப்பவர்களுக்கும் அது தெரியும். அதனால் மூலையில் இருக்கும் புள்ளியைத் தரமாட்டார்கள், நடுவில் இருக்கும் புள்ளியைத் தருவார்கள். அங்கே மனப்பாடம் உதவாது.

என் வழி இதுதான். புள்ளி எந்த மூலையில் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். அடிமட்டத்தை எடுத்து, அந்த உடுவின் வெப்பநிலையில் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு பிரதான தொடரை எங்கே வெட்டுகிறது? அந்த இடத்திலிருந்து உங்கள் உடு எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது? அந்த இடைவெளிதான் விடை.

ஏன் என்பதற்குக் காரணம் ஒரே வரி: L = 4πR²σT⁴. இதில் L ஒளிர்வு, R ஆரை, T வெப்பநிலை. செங்குத்துக் கோட்டில் இருக்கும் எல்லா உடுக்களுக்கும் T ஒன்றுதான். அப்படியானால் ஒளிர்வில் உள்ள வித்தியாசம் முழுக்க ஆரையால் வருவது. ஒரே சூட்டில் இருக்கும் இரண்டு தோசைக்கல்லில் பெரியதுதான் அதிக வெப்பத்தை வீசும், வேறு காரணம் தேட வேண்டாம். ஆரை வர்க்கமாக வருவதால், ஒளிர்வு விகிதத்தின் வர்க்கமூலம் ஆரை விகிதம். வரைபின் நிலைக்குத்து அச்சு மடக்கையில் இருந்தால் வர்க்கமூலம் கூட வேண்டாம். இடைவெளியைப் பாதியாக்கினால் ஆரை விகிதத்தின் மடக்கை வந்துவிடும். நிலைக்குத்து அச்சில் பிரகாசத்தைக் குறிக்கும் தனிப் பருமன் தந்திருந்தால் இன்னும் லேசு: 5 பருமன் இடைவெளி என்றால் ஒளிர்வில் 100 மடங்கு, ஆரையில் 10 மடங்கு. வெப்பநிலையை நான்காம் அடுக்குக்கு உயர்த்திக் கல்குலேட்டரோடு மல்லுக்கட்டும் நேரம் அப்படியே மிச்சம்.

பிரதான தொடரை வினாவில் வரைந்து தராவிட்டால் நீங்களே வரைய வேண்டும். அதற்கு நான் ஐந்து புள்ளிகளை மனத்தில் வைத்திருந்தேன். எல்லாம் சூரியனின் ஒளிர்வை 1 ஆகக் கொண்டு, அதன் மடக்கையில்:

புரொக்சிமா: 3000 கெல்வின், -2.8
61 சிக்னியின் பெரிய உடு: 4400 கெல்வின், -0.8
சூரியன்: 5800 கெல்வின், 0
சிரியஸ்: 9900 கெல்வின், 1.4
சூடான முனைக்கு: 25,000 கெல்வினில் ஏறக்குறைய 4

இவற்றை ஒப்பமான வளைகோடாக இணையுங்கள். வலது முனையில் கோடு செங்குத்தாகக் கீழே விழும், அடிமட்டத்தால் நேராக இழுக்க வேண்டாம். கிடை அச்சில் வெப்பநிலை வலமிருந்து இடமாகக் கூடுவதையும், அதுவும் மடக்கை அளவில் இருப்பதையும் கவனியுங்கள். 5000க்கும் 10,000க்கும் சரி நடுவில் இருப்பது 7500 அல்ல, ஏறக்குறைய 7100.

சரி, ஒரு கணக்கைச் செய்வோம். பரீட்சையில் வந்ததைப் போன்ற ஒன்றை உண்மையான உடுக்களை வைத்து அமைக்கிறேன். பெயர்கள் மறைக்கப்பட்ட நான்கு உடுக்கள். முதலாவது 3900 கெல்வின், ஒளிர்வு சூரியனைப் போல 440 மடங்கு. இரண்டாவது 3000 கெல்வின், 0.0017. மூன்றாவது 6100 கெல்வின், 0.00017. நான்காவது 25,000 கெல்வின், 20,000. எவை பிரதான தொடர், எவை அரக்கன், எவை வெண்குள்ளன்?

முதலாவதை எடுங்கள். 440 இன் மடக்கை 2.64. 3900 கெல்வினில் நம் வளைகோடு -1.1 அளவில் இருக்கும். இடைவெளி 3.74, பாதி 1.87. அதாவது அதே வெப்பநிலையில் உள்ள சாதாரண உடுவைவிட ஆரை ஏறக்குறைய 75 மடங்கு. அந்தச் சாதாரண உடு சூரியனில் 0.6 பங்கு ஆரை கொண்டது என்று எடுத்தால், நம் உடு சூரியனைப் போல 45 மடங்கு. சந்தேகமே இல்லை, அரக்கன். இது நம் ரோகிணி. ஜனவரி மாதம் இரவானதும் டச் பே கடற்கரையில் நின்று நிமிர்ந்து பார்த்தால், உச்சிக்கு அருகே செம்மஞ்சளாகத் தெரிவது. அந்த நிறத்தை வைத்து "குளிர்ந்த உடு" என்று மட்டும் சொல்லலாம். அரக்கனா இல்லையா என்பதை நிறம் சொல்லாது. 61 சிக்னியும் ஏறக்குறைய அதே நிறந்தான், அதன் ஆரையோ சூரியனில் மூன்றில் இரண்டு பங்கு.

இரண்டாவதும் மூன்றாவதும்தான் வினாவின் உயிர். இரண்டும் வரைபின் அடியில் கிடக்கின்றன. அயல்வீட்டுத் தங்கச்சி ஒருத்தியிடம் இதைக் கொடுத்தபோது உடனே சொன்னாள்: "அண்ணா, ரெண்டும் வெண்குள்ளன். அதில மூன்றாவதுதான் கொஞ்சம் இடிக்குது, இடப்பக்கம் இல்லையே." கோட்டைப் போடச் சொன்னேன். 3000 கெல்வினில் போட்ட கோடு வளைகோட்டை வெட்டும் இடத்திலேயே இரண்டாவது உடு உட்கார்ந்திருந்தது. இடைவெளி பூச்சியம். ஆக அது பிரதான தொடரில் இருக்கும் ஒரு செங்குள்ளன், புரொக்சிமா. மங்கலாக இருப்பது அது சிறியதும் குளிர்ந்ததுமாக இருப்பதால். சூரியனைப் போலவே மையத்தில் ஐதரசனை எரித்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவதுக்கு 6100 கெல்வினில் கோடு போட்டாள். வளைகோடு 0.2 இல், உடு -3.8 இல். இடைவெளி சரியாக 4, பாதி 2. ஆரை அங்குள்ள சாதாரண உடுவில் நூறில் ஒரு பங்கு, அதாவது பூமியைவிடச் சற்றுப் பெரியது. வெண்குள்ளன்தான். வான் மானனின் உடு என்பார்கள். இடது கீழ் மூலையில் இல்லாமல் சூரியனுக்கு நேர் கீழே ஏன் இருக்கிறது? வெண்குள்ளனில் எரிபொருள் எதுவும் எரியவில்லை, பிறந்தபோது இருந்த சூட்டை இழந்து ஆறிக்கொண்டே வருகிறது. ஆறும்போது ஆரை மாறுவதில்லை. ஆகவே சம ஆரைக் கோடு வழியே, வலது பக்கமாகக் கீழே சரிந்து வருகிறது. வெப்பநிலை பாதியாகும்போது ஒளிர்வு 16 இல் ஒரு பங்காகும், அந்தச் சரிவைத்தான் வரைபில் காண்கிறோம். வெண்குள்ளன் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று நினைத்தால் இந்த உடுவைத் தவறவிடுவீர்கள்.

நான்காவது உடு சித்திரை, அதாவது ஸ்பைக்கா. இங்கேதான் பலர் துணிந்து "அரக்கன்" என்று எழுதுகிறார்கள், ஏனென்றால் ஆரையைக் கணித்தால் சூரியனைப் போல 7.6 மடங்கு வருகிறது, ஒளிர்வும் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் சூரியனோடு ஏன் ஒப்பிடுகிறீர்கள்? 25,000 கெல்வினில் பிரதான தொடர் உடுவே ஐந்து மடங்குக்கு மேல் பெரியது. இடைவெளி 4.3 கழித்தல் 4, அதாவது 0.3. பாதி 0.15, ஆரையில் 1.4 மடங்கு. ரோகிணிக்கு 75 மடங்கு, இதற்கு 1.4. இடது பக்கம் போகப் போக அரக்கர்களும் பிரதான தொடரும் நெருங்கி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பிரதான தொடர் என்பது தடிப்புள்ள ஒரு பட்டை, கோடு அல்ல. உடு வயதாகும்போது தொடரை விட்டு வெளியேற முன்னரே கொஞ்சம் மேலே ஏறுகிறது. ஆகவே 0.3 இடைவெளியை வைத்து வரைபால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதை அப்படியே எழுத வேண்டும்: "பிரதான தொடரில் அல்லது அதைவிட்டு நகரத் தொடங்கிய நிலையில், உறுதிப்படுத்த நிறமாலை தேவை." அரக்கனின் மேற்பரப்பில் ஈர்ப்பும் அழுத்தமும் குறைவு என்பதால் அதன் ஐதரசன் கோடுகள் ஒடுக்கமாக இருக்கும், குள்ளனில் அகலமாக இருக்கும். இதைக் காரணமாகச் சேர்த்து எழுதினால் முழுப் புள்ளியும் நியாயமாகக் கேட்கலாம்.

அதே 0.3 வலது பக்கத்தில் வந்தால் வேறு அர்த்தம். 4400 கெல்வினில் ஒரு உடு தொடருக்கு மேலே 0.3 இல் இருந்தால் முதலில் இரட்டை உடுவை நினையுங்கள். ஒரே மாதிரியான இரண்டு உடுக்கள் ஒரு புள்ளியாகத் தெரிந்தால் ஒளிர்வு இரட்டிப்பாகும், 2 இன் மடக்கை 0.3. பருமனில் 0.75. அந்த வெப்பநிலையில் அரக்கன் நூற்றுக்கணக்கான மடங்காவது மேலே இருப்பான், இவ்வளவு அருகில் நிற்கமாட்டான்.

கொத்து வினாக்களுக்கு ஒரு விஷயம். கொத்தின் உடுக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதால் தோற்றப் பருமனை வைத்தே இடைவெளி எடுக்கலாம். ஆனால் குறுக்கே நிற்கும் உடுவைக் கவனியுங்கள். ரோகிணியைச் சுற்றித் தெரியும் ஹயடஸ் கொத்து ஏறக்குறைய 150 ஒளியாண்டு தூரம், ரோகிணி 65 ஒளியாண்டு. அது கொத்தில் இல்லை, பார்வைக் கோட்டில் முன்னால் நிற்கிறது. அதைக் கொத்தின் வரைபில் சேர்த்தால் ஒளிர்வு ஐந்து மடங்குக்கு மேல் கூடிக் காட்டும். வகை மாறாது, அரக்கன் அரக்கன்தான், ஆனால் ஆரை 45க்குப் பதில் நூறைத் தாண்டிவிடும்.

பரீட்சை மேசையில் நான் கடைப்பிடித்த ஒழுங்கு:

முதலில் அச்சுகளின் திசை. பருமன் என்றால் சிறிய எண் மேலே.
பென்சிலால் செங்குத்துக் கோடு, பேனா வேண்டாம்.
இடைவெளியை எழுதிவிட்டுத்தான் வகையின் பெயர்.
ஒளிர்வின் மடக்கையில் இடைவெளி 1க்கு மேலே போனால் தயங்காமல் எழுதலாம். 0.5க்குக் கீழே என்றால் இரட்டை உடு, வயது, நிறமாலை மூன்றையும் யோசித்து, வரைபால் மட்டும் முடிவு செய்ய முடியாது என்று காரணத்தோடு எழுதுங்கள்.