'பிற'வில் போன லாரி

"எல்லாத்தையும் எழுதியிருக்க. நான் கேட்டத மட்டும் 'பிற'ல போட்டுட்டியே தம்பி."

மூன்றாம் லயத்துப் பாட்டி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆபீஸ் வாசலில் அறிவிப்புப் பலகை முன்னால் நின்று, பேரனை விட்டுத் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பதுகூட இப்போது நினைவில் இல்லை.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்ட மண்டபத்தில். இரண்டரை மணி நேரம். குறிப்பு எடுப்பது கிராணி வேலை, அதாவது என் வேலை. முதலில் தண்ணீர்ப் பேச்சு, முக்கால் மணி நேரம் ஓடியது. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் வேலை முடிந்து குழாயைத் திறந்தால் கடைசி லயத்தில் சொட்டுத் தண்ணீர்கூட வருவதில்லை. மேட்டிலுள்ள தொட்டியிலிருந்து ஒரே குழாய்தான் எல்லா லயங்களுக்கும் போகிறது, வழியில் இருப்பவர்கள் இழுத்துக்கொண்டால் கடைசிக்கு என்ன மிஞ்சும்? பம்பு வைக்க வேண்டும் என்றார்கள். மேனேஜர், "கே.எல். ஆபீஸ்ல கேக்கணும்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் பள்ளிக்கூடப் பாதையில் விளக்கு இல்லை என்று ஒரு தாய் சொன்னார். உடனே பாட்டி எழுந்து, மாரியம்மன் திருவிழாவுக்கு டவுனிலிருந்து நாற்காலியும் அண்டாவும் ஏற்றிவர தோட்டத்து லாரி வேண்டும், போன வருஷமும் கேட்டோம் என்றார்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே, "சரி பாட்டி, ரெண்டையும் இந்த மாசத்துக்குள்ள முடிச்சுடலாம்" என்றார்.

என் நோட்டில் நான் எழுதியது: "இரண்டும் மாதக் கடைசிக்குள் முடிக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது."

பேசின வரிசையில் படித்தால் இதில் குழப்பமே இல்லை. இரண்டும் என்றால் விளக்கும் லாரியும். ஆனால் பேசின வரிசையில் எழுதினால் யாரும் படிப்பதில்லை. மூன்று பக்கக் குறிப்பில் கே.எல். ஆபீஸ் முதல் அரைப் பக்கத்தைத்தான் பார்க்கும். அதனால் முக்கியமானது மேலே, மற்றது கீழே என்று நான் பல வருஷமாகவே அடுக்கிக்கொண்டிருந்தேன். எது முக்கியம் என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கும் இருந்தது: தள்ளிப்போட்டால் யாருக்குக் கஷ்டம், எவ்வளவு கஷ்டம். எத்தனை பேர் பேசினார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதை நான் அளவாக எடுப்பதில்லை. சத்தமாகப் பேசுகிறவர்களின் குறை எப்போதும் பெரிதாகத் தெரியும்.

அந்தக் கணக்குப்படி தண்ணீர்தான் முதலில். தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், நாம் 446 என்று எண்ணைச் சொல்லிப் பேசுகிறோமே, அது போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவதை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. கடமையைக் 'கோரிக்கைகள்' என்ற தலைப்பின் கீழ் எழுதினால் அது தயவு கேட்பது போல ஆகிவிடும். வெறும் 'தண்ணீர்' என்று வைத்தாலும் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் "கடைசி லயத்துக்கு மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை" என்று முழு வாக்கியத்தையே தலைப்பாக வைத்தேன். இந்தத் தலைப்பை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுத்து "பள்ளிக்கூடப் பாதையில் விளக்கு இல்லை". லாரிக்கு அப்படி ஒரு வாக்கியம் எனக்குத் தோன்றவில்லை. மலாய்க் குறிப்புகளில் கடைசியாக வரும் 'ஹால்-ஹால் லாயின்' வழக்கப்படி, நாய்த் தொல்லையோடு சேர்த்து 'பிற' என்று போட்டேன்.

லாரி கீழே போய்விட்டது. தண்ணீரும் விளக்கும் மேலே பக்கத்துப் பக்கத்தில் வந்தன. அந்த இரண்டுக்கும் அடியில், நடவடிக்கை எழுதும் 'திண்டாக்கான்' கட்டத்துக்கு நேராக, நோட்டில் இருந்த வாக்கியத்தை அப்படியே இறக்கினேன்: "இரண்டும் மாதக் கடைசிக்குள் முடிக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது."

ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. வரிசையை மாற்றினேன், அவ்வளவுதான். 'இரண்டும்' என்பது அருகில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும் சொல். அது பாட்டியின் லாரியை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது.

மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். தாள் பலகையிலும் ஏறியது, கே.எல்.லுக்கும் போனது. பத்து நாள் கழித்து அங்கிருந்து போன்: பம்பு வாங்கித் தருவதாக எப்போது ஒப்புக்கொண்டீர்கள், எவ்வளவு ஆகும்? மேனேஜர் என் மேசைக்கு வந்து, "நான் எப்பங்க சொன்னேன்?" என்றார். நோட்டைக் காட்டினேன். அதில் அவர் சொன்னதுதான் இருந்தது. அவரும் அதையே இரண்டு தடவை படித்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். கையெழுத்துப் போட்ட தாள், லயத்து ஜனங்கள் எல்லாம் படித்தாகிவிட்டது, இனி இல்லை என்று எப்படிச் சொல்வது? இரண்டு மாதத்தில் பம்பு வந்தது.

திருவிழாவுக்கு லாரி போகவில்லை. 'பிற'வுக்கு நேரே நான் 'மக்லுமான்' என்று போட்டிருந்தேன், அதாவது தகவலுக்கு மட்டும். யாரும் செய்ய வேண்டியதில்லை. கோயில்காரர்கள் வெளியில் வாடகைக்கு லாரி பிடித்தார்கள்.

நல்லதுதானே நடந்தது என்று என் மனைவி சொல்கிறாள். ஒரு லாரிக்குப் பதில் ஒரு பம்பு. நானும் பல நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் கடைசி லயத்தில் என் அக்கா இருக்கிறாள். அந்தத் தாளைத் தட்டச்சு செய்தபோது, 'இரண்டும்' எங்கே போய் உட்காருகிறது என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். இரவு பத்து மணி, தூக்கக் கலக்கம். ஆனால் அதே தாளில் 'விளக்கு' என்பதில் விட்டுப்போன ஒற்றெழுத்தைக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறேன். அவ்வளவு கவனம் இருந்தவனுக்கு இது மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போகும்?

இப்போது நோட்டில் ஒவ்வொரு பேச்சுக்கும் எண் போடுகிறேன். பதிலையும் அந்த எண்ணோடுதான் எழுதுகிறேன். 'அது', 'இரண்டும்', 'மேற்படி' எதுவும் கிடையாது; "லாரி தருவதாக ஒப்புக்கொண்டார்" என்று பொருளைச் சொல்லியே முடிக்கிறேன். வரிசையை மாற்றி அடுக்கிய பிறகும் வரிக்கு ஓரத்தில் அந்த எண்ணைச் சின்னதாக விடுகிறேன், யாராவது கேட்டால் பேசின வரிசைக்குத் திரும்பிப் போக வழி இருக்கட்டும் என்று. இதனால் பிழை குறைகிறது. ஆனால் எதை மேலே வைப்பது என்ற கேள்விக்கு எண்ணில் பதில் இல்லை. கே.எல்.லுக்கு முக்கியம் செலவு. மேனேஜருக்கு முக்கியம் அவர் என்ன ஒப்புக்கொண்டார் என்பது. பலகையின் முன்னால் நிற்பவருக்கு முக்கியம் தன் பேச்சு எங்கே இருக்கிறது என்பது. மூன்று பேருக்கும் மூன்று தாள் அடிக்கலாம்தான், ஆனால் ஒரே கூட்டத்துக்கு மூன்று தாள் இருந்தால் நாளைக்குச் சண்டையில் எதை எடுத்து நீட்டுவார்கள்?

போன வாரம் இந்த வருஷத்துக் கூட்டம். மேனேஜர் ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "எதுக்குச் சொன்னேன்னும் எழுதிக்குங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாட்டி வரவில்லை, முட்டி வலியாம். பேரன்தான் எழுந்து லாரி கேட்டான். அது எட்டாவது பேச்சு. மேனேஜர் தருகிறேன் என்றார், பொருளோடு எழுதிக்கொண்டேன். கூரை ஒழுகும் வீடுகள் நான்கு, மருந்தகத்துக்கு ஆள் இல்லாதது, இவையெல்லாம் அதற்கு மேலேதான் வர வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாளைக்குத் தட்டச்சு செய்ய வேண்டும். எட்டாம் எண்ணுக்கு என்ன தலைப்பு வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.