கீரைக் கட்டும் செம்பரம்பாக்கமும்: பிஎச்.டி.யிலிருந்து டேட்டா வேலைக்கு

போன செவ்வாய்க்கிழமை ஆஃபர் லெட்டர் வந்தது. ஐந்து கம்பெனி போனதில் நாலு கைவிட்டது, ஒன்று தேறியது. அந்த நாலில் மூன்று ஒரே காரணத்தால் போனது: என் ஆய்வு யாருடைய எந்த முடிவை மாற்றும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது எனக்கு உறைக்கவே மூன்றாவது தோல்வி வரை ஆனது என்பதால் அதைத்தான் முக்கியமாக எழுதப் போகிறேன். பைதான் எங்கே படிப்பது, ப்ரொஃபைல் போட்டோ எப்படி வைப்பது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் ஆய்வு செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடுத்த மூன்று நாட்களுக்கு ஏரிக்கு எவ்வளவு நீர்வரத்து இருக்கும் என்று முன்கணிக்கும் மாடல். மூன்று பேப்பர் வந்திருக்கிறது. ஏரியைத் திறந்து மூடுகிறவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் நேர்காணல் பெருங்குடியில். "உங்கள் ஆய்வை ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள்" என்றார்கள். நான் பதினான்கு நிமிடம் எடுத்துக்கொண்டேன். நீர்வரத்துக் கணிப்பு எவ்வளவு துல்லியம் என்று அளக்கும் நாஷ்-சட்க்ளிஃப் மதிப்பு 0.81லிருந்து 0.87க்கு ஏறியதைச் சொல்லி முடித்து, பாராட்டுக்குக் காத்திருந்தேன். குழுவில் இருந்த ஒரு மேடம் கேட்டார்: "சரி, இந்த 0.06 ஏறியதால் மறுநாள் காலையில் யார், எதை வேறு மாதிரி செய்வார்?" துல்லியம் கூடியிருக்கிறது மேடம் என்றேன். அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். நான் எழுந்து போய்ப் பலகையில் மாடலின் படத்தை வரைந்தேன். அவ்வளவுதான், முடிந்தது கதை.

கைடிடம் சொன்னபோது "பேப்பர் மூணு வெச்சிருக்கியேம்மா, அப்புறம் அவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்றார். அவருக்கு என் மேல் பாசம் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அவரிடம் யோசனை கேட்டது என் தப்பு.

இரண்டாவது முறை எதிர்ப்பக்கமாக விழுந்தேன். யாரோ கொடுத்த சிவி மாதிரியைப் பார்த்து "வெள்ளச் சேதத்தை 15 சதவீதம் குறைக்கும் மாடல்" என்று ஒரு வரி எழுதினேன். "எதைவிட 15 சதவீதம்?" என்று கேட்டார்கள். பதில் இல்லை, ஏனென்றால் அந்த எண்ணே இல்லை. காது சூடாகிவிட்டது. பிசினஸ் மதிப்பு என்றால் ரூபாய்க் கணக்கைக் கற்பனை செய்வது என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்.

"எதைவிட?" என்ற அந்தக் கேள்வி என் ஆய்வையே திருப்பிப் போட்டது. நாஷ்-சட்க்ளிஃப் மதிப்பு நம் மாடலை எதோடு ஒப்பிடுகிறது? நீண்டகாலச் சராசரியோடு. ஆனால் எந்தப் பொறியாளரும் சராசரியை வைத்து மதகைத் திறப்பதில்லை. குறைந்தபட்சம் நேற்று வந்த நீரையாவது பார்ப்பார். "இன்றும் நேற்றுப் போலத்தான்" என்ற கணிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சாதாரண நாட்களில் என் மாடலின் பெருமை பாதியாகச் சுருங்கியது. மழை திடீரென ஏறும் நாட்களில் மட்டும் நன்றாக நின்றது. அந்த நாட்கள்தானே முக்கியம்! மூன்று வருடம் சராசரியில் புதைந்து கிடந்த விஷயம் இது.

மூன்றாவதும் கைவிட்ட பிறகு, திருவான்மியூர் ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, ஆய்வேட்டின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நாலு கட்டம் போட்டேன். முடிவெடுப்பது யார்? எத்தனை மணிக்குள்? கணிப்பு அதிகமாகப் போனால் என்ன நஷ்டம்? குறைவாகப் போனால் என்ன நஷ்டம்? முதல் மூன்று அத்தியாயங்களுக்குக் கட்டங்கள் காலியாக நின்றன. ஐந்தாவது அத்தியாயத்துக்கு நிரம்பி வழிந்தது. செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழை வரும் என்று முன்கூட்டியே திறந்துவிட்டு மழை பொய்த்தால், கோடையில் குடிநீர் இல்லை. 2019 ஜூனில் ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது நினைவிருக்கும். தாமதமாகத் திறந்தால் அடையாற்றில் வெள்ளம், 2015 டிசம்பர் போல. இரண்டும் தவறுதான், ஆனால் இரண்டின் விலையும் ஒன்றல்ல. அதனால் முடிவெடுப்பவருக்கு வேண்டியது ஒற்றை எண் இல்லை. "பத்தில் ஒன்பது வாய்ப்பில் வரத்து இதற்குள் இருக்கும்" என்பது போன்ற குவான்டைல் கணிப்பு. அதை நான் ஐந்தாவது அத்தியாயத்தில் செய்திருந்தேன். ஜர்னல்காரர்கள் கண்டுகொள்ளவில்லை என்பதால் கடைசியில் தள்ளி வைத்திருந்தேன்.

நாலாவது இடத்தில் எஸ்கியூஎல் தேர்விலேயே போனது, அதைப் பிறகு சொல்கிறேன். ஐந்தாவது, வீட்டுக்கு மளிகையும் காய்கறியும் கொண்டு கொடுக்கும் கம்பெனி. கேஸ் சுற்றில் கேட்டது இதுதான்: ஒரு கிளைக்கு நாளை எத்தனை கட்டு முளைக்கீரை வாங்கி வைக்கலாம்? வாங்கும் விலை 12 ரூபாய், விற்கும் விலை 20. மாலைக்குள் விற்காதது குப்பைக்கு. கடந்த பத்து நாள் தேவையைக் கொடுத்தார்கள்: 30, 34, 36, 38, 40, 42, 45, 50, 60, 75.

பழைய நான் என்றால் உடனே எல்எஸ்டிஎம் என்ற நியூரல் நெட்வொர்க் மாடலைப் பற்றிப் பேசியிருப்பேன். சராசரி 45, அதையே வாங்கலாம் என்று சொல்லவும் கை துறுதுறுத்தது. ஏரியை நினைத்துக்கொண்டேன். ஒரு கட்டு குறைந்தால் இழப்பது 8 ரூபாய் லாபம். ஒரு கட்டு மிஞ்சினால் இழப்பது போட்ட 12 ரூபாய். எட்டை, இரண்டும் சேர்ந்த இருபதால் வகுத்தால் 0.4. அதாவது பத்து நாளில் நாலு நாள் மட்டும் தேவை முழுதும் தீரும் அளவுக்கு வாங்கினால் போதும். வரிசையில் நாலாவது எண் 38.

சரிபார்த்தும் காட்டினேன். தினம் 45 கட்டு வாங்கினால் பத்து நாளில் 400 விற்கும். வரவு 8,000, செலவு 5,400, லாபம் 2,600. தினம் 38 வாங்கினால் 366 விற்கும். வரவு 7,320, செலவு 4,560, லாபம் 2,760. குறைவாக விற்று 160 ரூபாய் அதிக லாபம். ஒரு நாளைக்கு 16 ரூபாய். நேர்காணல் எடுத்தவர் சிரித்தார். "பதினாறு ரூபாய்க்கா பிஎச்.டி.?" நானும் சிரித்தேன். ஒரு கிளை, ஒரு கீரைக்கு 16 ரூபாய் சார், 60 கிளை என்றால் மாதம் 28,800, எல்லாக் கிளையும் இதே மாதிரி இருந்தால் மட்டும் என்றேன். அந்தக் கடைசி நிபந்தனையைச் சேர்த்தது இரண்டாவது நேர்காணல் தந்த புத்தி.

அவர் விடவில்லை. "கீரை இல்லை என்றால் வாடிக்கையாளர் தக்காளி, வெங்காயத்தையும் வேறு ஆப்பில் வாங்கிவிடுவாரே?" அப்படியானால் குறைவின் விலை 8 இல்லை. கூடுதலாக 10 ரூபாய் இழப்பு என்று வைத்தால் 18. பதினெட்டை முப்பதால் வகுத்தால் 0.6, வரிசையில் ஆறாவது எண் 42. மாடலில் ஒரு வரிகூட மாறவில்லை, முடிவு மாறிவிட்டது. அந்த 10 ரூபாயை நான் சொல்ல முடியாது, உங்கள் வாடிக்கையாளர் தரவுதான் சொல்ல வேண்டும் என்றேன். அந்த இடத்தில்தான் வேலை கிடைத்தது என்று நம்புகிறேன்.

இன்னொன்றும் கேட்டேன்: இந்தப் பத்து எண்ணும் தேவையா, விற்பனையா? 45 கட்டு வாங்கி 45ம் மதியமே தீர்ந்த நாளில் உண்மையான தேவை 45க்கு மேல். விற்பனையைத் தேவை என்று எடுத்துக்கொண்டு கற்றுக்கொடுத்தால் மாடல் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் குறைவாகக் கணிக்கும், குறைவாக வாங்குவார்கள், இன்னும் குறைவாக விற்கும். இது எனக்குக் கம்பெனி அறிவால் வரவில்லை. பெருவெள்ளத்தில் அளவுகோல் மூழ்கிப்போன நாட்களின் தரவோடு ஒரு வருடம் மல்லுக்கட்டிய பழக்கம். ஸ்டாக் தீர்ந்த நேரம் எந்த டேபிளில் இருக்கிறது என்று கேட்டதும் அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

இப்போது நாலாவது தோல்வி. "போன வாரம் இதே கிழமை விற்றது" என்ற எளிய கணிப்பை எஸ்கியூஎல்லில் எழுதச் சொன்னார்கள். நான் எழுதியது:

```sql
SELECT sale_date, qty,
       LAG(qty, 7) OVER (
         PARTITION BY store_id, item_id
         ORDER BY sale_date) AS last_week
FROM sales;
```

பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் `LAG` ஏழு வரிசை பின்னால் போகும், ஏழு நாள் இல்லை. கடை மூடிய நாளுக்கு வரிசையே இல்லை என்றால் திங்கள் கணிப்புக்கு ஞாயிறு விற்பனை வந்து உட்காரும். எல்லா நாளும் உள்ள காலண்டர் டேபிளோடு முதலில் இணைக்க வேண்டும், அல்லது தேதியில் 7 கழித்துத் தன்னோடே ஜாயின் செய்ய வேண்டும். தெரியாத விஷயமில்லை, அவசரம். நான் நிதானப் பேர்வழி, நேரம் ஓடினால் கை நடுங்கும். உங்களுக்கு அப்படி இல்லையென்றால் இதற்கு இவ்வளவு பயிற்சி தேவைப்படாது.

சிவியில் மாற்றியவை:

- நாலு பக்கம் ஒரு பக்கமானது. பேப்பர் பட்டியல் போய் "மூன்று ஆய்வுக் கட்டுரைகள்" என்ற ஒரு வரி நின்றது.
- "எல்எஸ்டிஎம் கொண்டு நீர்வரத்து முன்கணிப்பு" என்பது "மதகு திறப்பு முடிவுக்காக 3 நாள் முன்கணிப்பு; நேற்றைய வரத்தை அப்படியே எடுக்கும் முறையோடு ஒப்பிட்டுச் சோதித்தது" என்று ஆனது.
- "நடைமுறையில் பயன்படுத்தப்படவில்லை, பழைய தரவில் சோதித்தது" என்று நானே எழுதினேன். யாரும் அதற்காக ஒதுக்கவில்லை.
- மூன்று துறையிலிருந்து வந்த மழைத் தரவை ஒரே நேரக்கணக்குக்குக் கொண்டுவந்ததை மேலே ஏற்றினேன். அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

"வைவா எப்போது?" என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். மழுப்ப வேண்டாம். ஆய்வேடு கொடுத்தாயிற்று, தேதி என் கையில் இல்லை, வரும் நாளில் ஒரு நாள் லீவு வேண்டும் என்று சொன்னேன். சரி என்றார்கள். சேரும் தேதி அடுத்த மாதம் முதல் திங்கள். கைடிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை, கீரைக் கட்டு என்று ஆரம்பித்தால் என்ன சொல்வாரோ.