சேலை மடிக்கும் நேரமும் வேலை நேரம்தான்

தருமபுரியில் சில கடைகளுக்குப் பகுதி நேரமாகக் கணக்கு எழுதுகிறேன். அவற்றில் ஒன்று ஏழு பேர் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை. சென்ற ஆண்டு ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு தொழிலாளர் துறை ஆய்வாளர் அங்கே வந்தார். வருகைப் பதிவேட்டை விரித்தார். ஏழு பெயர், ஏழு வரிசை, கட்டத்துக்கு ஒரு டிக். "இவர்கள் வந்தார்கள் என்பது தெரிகிறது. எப்போது போனார்கள்?" என்று கேட்டார். முதலாளி, "ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்திவிடுவோம் சார்" என்றார். ஆய்வாளர் பில் போடும் இயந்திரத்தில் முந்தைய நாளின் கடைசி பில்லைக் காட்டச் சொன்னார். இரவு 9.10 என்று இருந்தது. பதிவேடுகளைச் சரிசெய்து காட்டும்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வேலை என்னிடம் வந்தது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டினுடையது. கடை ஊழியருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்கிறது. ஓவர்டைம் பார்க்கலாம், ஆனால் அதையும் சேர்த்து நாளுக்கு 10 மணியை, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதென்றால் இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து, வந்ததிலிருந்து போகும் வரை 12 மணி நேரத்துக்கு மிகக் கூடாது.

முதலில் உண்மையான நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு மாலை கடையிலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பது மணிக்கு ஷட்டர் பாதி இறங்கியது. உள்ளே மெத்தை விரிப்பின் மேல் நாற்பது ஐம்பது சேலைகள் பிரித்துப் போட்டபடி கிடந்தன. இரண்டு பேர் எதிரெதிராக நின்று முந்தானையைப் பிடித்து இழுத்து, மடித்து, அட்டை வைத்து, அலமாரியில் அடுக்கி முடித்தபோது மணி ஒன்பதரை. "அது வியாபார நேரம் இல்லையே" என்றார் முதலாளி. வியாபாரம் முடிந்திருக்கலாம், வேலை முடியவில்லை. முதலாளிக்காகக் கடையில் நிற்கும் நேரமெல்லாம் வேலை நேரம்தான்.

ஆக, காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை. சாப்பாட்டு நேரம் ஒரு மணியைக் கழித்தால் நாளுக்கு 11 மணி. செவ்வாய் விடுமுறை போக ஆறு நாளில் 66 மணி. இங்கேதான் பல முதலாளிகள் தடுமாறுகிறார்கள். "சரி, ஓவர்டைம் கொடுத்துவிடுகிறேன்" என்று இவரும் சொன்னார். பணம் கொடுத்தாலும் 11 மணி நேர வேலை சட்டப்படி ஆகாது. நாளுக்குப் பத்து மணியாகக் குறைத்தாலும் ஆறு நாளில் 60 வந்துவிடும். 54 என்ற வார வரம்பு அதற்கு முன்பே மறித்துவிடும்.

எனவே ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்தோம். முதல் அணிக்குக் காலை 9.30 முதல் 6.30 வரை, 1.30-லிருந்து 2.30 வரை ஓய்வு. இரண்டாவது அணிக்குப் பகல் 12.30 முதல் 9.30 வரை, 4.30-லிருந்து 5.30 வரை ஓய்வு. இருவருக்குமே சரியாக 8 மணி. பாலக்கோடு, பென்னாகரம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களும் பெண்களும் முதல் அணி. ஊருக்குள் இருப்பவர்கள் இரண்டாவது அணி. காலையில் ஆள் குறைகிறதே என்ற முதலாளியின் கவலை, பதினொரு மணி வரை கடையில் எத்தனை பேர் சேலை பார்க்க வருகிறார்கள் என்பதைப் பில்லைப் புரட்டிப் பார்த்ததும் தணிந்துவிட்டது.

பதிவேடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நீள நோட்டில் வந்த நேரம், ஓய்வு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், போன நேரம், மொத்த மணி, அதில் ஓவர்டைம் எவ்வளவு, கடைசியில் ஊழியரின் கையெழுத்து. அன்றன்றே எழுத வேண்டும் என்பது மட்டும் என் பிடிவாதம். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் எல்லாருக்கும் 9.30, 6.30 என்று நிரப்பிய நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம். உண்மையான நோட்டில் 9.34 இருக்கும், 9.41 இருக்கும். வேலை நேரம், ஓய்வு நேரம், வார விடுமுறை ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டினோம். கடை மூடும் நாளை அந்த அறிவிப்பில் சொல்ல வேண்டும். நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம்.

அந்த நோட்டுக்கு உண்மையான சோதனை தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்தது. 2025-இல் பண்டிகை அக்டோபர் 20, திங்கள். வேட்டிப் பகுதியில் நிற்பவரின் கணக்கை மட்டும் சொல்கிறேன். ஞாயிறு 12-ஆம் தேதி 10 மணி, திங்கள் 8, செவ்வாய் விடுமுறை, புதன் முதல் சனி வரை நாளுக்கு 9. கூட்டினால் 54. சனிக்கிழமை இரவு கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். அன்றைக்கு அவர் பார்த்தது ஒன்பது மணிதானே, இன்னும் ஒரு மணி நிற்கலாமே என்றார் முதலாளி. நாள் வரம்பில் இடமிருந்தது, வார வரம்பு நிரம்பிவிட்டது. நோட்டைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே அவரை அனுப்பிவிட்டு, தானே வேட்டிப் பகுதியில் நின்றார்.

ஓவர்டைமுக்கு ஊதியம் இரட்டிப்பு. வேட்டிப் பகுதி ஊழியரின் மாதச் சம்பளம் 15,600 ரூபாய். குறைந்தபட்ச ஊதிய ஆணைகளில் நாள் ஊதியம் காண்பதைப் போல 26-ஆல் வகுத்தோம்: நாளுக்கு 600, மணிக்கு 75, ஓவர்டைம் மணிக்கு 150. அந்த வாரம் 48-க்கு மேல் பார்த்த ஆறு மணி நேரத்துக்கு 900 ரூபாய். முதலாளி வழக்கமாகத் தீபாவளிக்கு ஆளுக்கு 2,000 ரூபாயும் துணியும் கொடுப்பார். "அதற்குள் இது அடங்காதா?" என்று கேட்டார். இனாம் வேறு, கூலி வேறு. சம்பளப் பதிவேட்டில் ஓவர்டைம் மணியும் அதற்கான தொகையும் தனிக் கட்டத்தில் ஏறாவிட்டால், கொடுத்த பணம் கொடுத்ததாகவே ஆகாது.

கடையில் பண்டல் தூக்கும் பையன் ஒருவன் தினக்கூலி. செவ்வாய்க்கிழமைக்கு அவனுக்குக் கூலி இல்லை என்பதுதான் ஊர் வழக்கம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வார விடுமுறைக்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலை செய்த நாளுக்கு மட்டுமே கூலி என்று பேசி வைத்திருந்தாலும் அந்த நாளுக்குக் கொடுக்க வேண்டும். இதை முதலாளி ஏற்றுக்கொள்ளத்தான் அதிக நேரம் பிடித்தது. சட்டப் பிரிவை இரண்டு முறை படித்துக் காட்ட வேண்டியிருந்தது. இப்போது செவ்வாய்க் கட்டத்தில் 'வி' என்று எழுதி, கூலிக் கட்டத்தில் தொகையை ஏற்றுகிறோம்.

எதிர்ச் சாரியில் டிபன் கடை வைத்திருப்பவர் இந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அவருக்கு 1958-ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டம், அது தனி. அவர் போன பிறகு முதலாளி வேறொன்று கேட்டார். பத்துப் பேருக்கு மேல் இருந்தால் ஆண்டு முழுக்கக் கடையை மூட வேண்டாமாமே, இன்னும் நாலு பேரைச் சேர்த்தால் என்ன? பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள கடைகளுக்கு அப்படி ஓர் அரசாணை உண்டுதான். அதிலும் ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும், அன்று விடுமுறையில் இருப்பவர்களின் பெயரைக் கடையில் எழுதி மாட்ட வேண்டும், ஓவர்டைம் உட்படச் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட வேண்டும். ஓவர்டைமோடு நாளுக்குப் பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணி என்ற வரம்பும் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏழு பேரே போதும்" என்றார்.