குடியாத்தத்திலிருந்து போகிறவள்: கதை எழுதும் நாட்குறிப்பு

ஏப்ரல் 6

பீடி சுற்றும் தாய்க்குப் பிறந்து, குடியாத்தத்தின் அரசுப் பள்ளியில் படித்து, சென்னையில் ஒரு கல்லூரி விடுதிக்குப் போகும் பெண்ணின் கதையை இன்று தொடங்கினேன். பெயர் கலைவாணி. முதல் ஆண்டு முடிவதற்குள் அவள் எப்படி வேறொருத்தி ஆகிறாள் என்பதுதான் கதை.

யார் சொல்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. முப்பது வயதுக் கலைவாணி திரும்பிப் பார்த்துச் சொன்னால், பதினேழு வயதுக்காரிக்குத் தெரியாததெல்லாம் முதல் பக்கத்திலேயே உள்ளே வந்துவிடும். வாசகர் அவளுடன் சேர்ந்து வளர முடியாது. ஆகவே படர்க்கையில், ஆனால் அவள் தோளை விட்டு விலகாமல் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். அந்தந்த மாதத்தில் அவளுக்கு என்ன தெரியுமோ, அதற்கு மேல் கதைக்கும் தெரியக் கூடாது.

ஏப்ரல் 13

இந்த விதி என்ன கேட்கிறது என்பது வீட்டை வர்ணிக்கும்போதுதான் புரிந்தது. “வீட்டுக்குள் நுழைந்ததும் புகையிலை நெடி மூக்கைத் துளைத்தது” என்ற வாக்கியம் கைக்குத் தானாக வருகிறது. ஆனால் பிறந்ததிலிருந்து அந்த நெடியிலேயே தூங்கி எழுந்த பெண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அந்த வாக்கியத்தை எழுதும் மூக்கு வெளியூர்க்காரருடையது.

அவளுக்குத் தெரிவது வேலை. முந்தின நாள் நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்த இலை காலையில் வெட்டுவதற்குப் பதமாக இருக்கிறதா என்று விரலாலேயே அறிவாள். தகட்டை வைத்து அளவாக வெட்டுவது, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு தூளைப் பரப்பிச் சுருட்டுவது, வாயை மடக்கி நூலால் கட்டுவது, இருபத்தைந்து பீடியை ஒரு கட்டாக்குவது எல்லாம் பள்ளிக்குப் போகும் முன் முடிய வேண்டிய காரியங்கள். கொடுத்த இலையில் ஓட்டை அதிகமாக இருந்தால் எண்ணிக்கை குறையும், குறைந்தது கூலியில் பிடிபடும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவே முதல் அத்தியாயத்தில் மணம் எதுவும் வராது. இலை, கத்தரி, நூல், கணக்கு மட்டும் வரும். வர்ணனை குறைந்ததும் வீடு இன்னும் அருகில் வந்துவிட்டது என்பது வாசித்துப் பார்த்தபோது தெரிந்தது.

ஏப்ரல் 20

இன்று ரயில் பயணம். குடியாத்தம் நிலையம் ஊருக்குச் சற்றுத் தள்ளி மேல்ஆலத்தூரில் இருப்பதால், வழியனுப்ப வருகிறவர்களும் ஆட்டோ பிடித்துத்தான் வர வேண்டும். இதனால் பிரிவுக் காட்சி இயல்பாகவே சுருங்கிவிடுகிறது. தாய்க்கு நான் கொடுத்திருக்கும் பேச்சு இவ்வளவுதான்: “பொட்டிய கால்ட்டயே வச்சிக்கினு குந்து. போய்ச் சேந்ததும் போன் பண்ணு.” கண்ணீரைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் வண்டி அங்கே நிற்கும் நேரத்தில் பெட்டியை ஏற்றவே சரியாகிவிடும்.

பயணத்திலும் அதே விதிதான். காட்பாடி வரை அவள் வந்திருக்கிறாள். பாட்டியை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன வழி அது. ஆகவே காவனூரும் லத்தேரியும் ஜன்னலுக்கு வெளியே கடக்கும்போது அவள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. காட்பாடிக்கு அப்பால்தான் பெயர்ப்பலகைகளைப் படிக்கத் தொடங்குகிறாள். திருவலம் அருகே பொன்னை ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது, மணல் முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தேடுகிறாள். பயந்தாள் என்றோ வியந்தாள் என்றோ எழுத வேண்டிய அவசியம் இல்லாமல், எங்கே பார்க்கத் தொடங்குகிறாள் என்பதே அவள் நிலையைச் சொல்லிவிடுகிறது.

ஏப்ரல் 27

விடுதி. முதல் அத்தியாயத்தில் பிடித்து வைத்த நெடி இங்கேதான் வெளிவருகிறது. பெட்டியைத் திறந்ததும் அறைத்தோழி, “உங்க அப்பா ரொம்ப சிகரெட் பிடிப்பாரா?” என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நகரத்துப் பெண்ணைத் திமிர் பிடித்தவளாக்கிவிட்டால் வெட்கத்தின் பொறுப்பு அவள் மேல் போய்விடும், கலைவாணி வளர வேண்டிய தேவையே இல்லாமல் போகும். “ஆமா” என்று பொய் சொல்வதும், அன்றிரவே எல்லாத் துணிகளையும் துவைப்பதும் கலைவாணியின் சொந்தச் செயல்களாக இருக்க வேண்டும்.

மே 4

சிறுமி வளர்ந்து பெரியவளாகும் கதைகளில் எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. “அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது” என்று ஒரு பத்தி வரும், கதை முடிந்துவிடும். புரிந்ததற்கு அவள் எதைக் கொடுத்தாள் என்பது இருக்காது. ஆகவே புரிதலுக்குப் பதிலாக, விலை உள்ள ஒரு முடிவைத் தேடினேன்.

கிடைத்தது ஒரு விண்ணப்பம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் உதவித்தொகை தருகிறது. அதற்குத் தாயின் தொழிலாளர் அடையாள அட்டை வேண்டும், விண்ணப்பத்தைக் கல்லூரியும் சரிபார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், அதில் யாரும் தாயின் தொழிலைக் கேட்பதில்லை. ஆனால் பீடித் தொழிலாளர் உதவித்தொகைக்கு, அறைத்தோழியும் வரிசையில் நிற்கும் அலுவலகத்தில், தாயின் படம் ஒட்டிய அட்டையின் நகலை நீட்ட வேண்டும். முதல் முறை தேதி முடியும் வரை பேசாமல் இருந்துவிடுகிறாள். ஊரில் தாய் அந்தப் பணத்துக்காக இரவிலும் சுற்றுகிறாள் என்பது தீபாவளிக்குப் போகும்போது தெரிகிறது. அதை யாரும் அவளிடம் சொல்வதில்லை. ஈரச் சாக்குகள் இரண்டாகியிருப்பதை அவளே பார்க்கிறாள்.

அந்த வீட்டு வாசலில்தான் புகையிலை நெடி அவளுக்கு முதன்முதலாக அடிக்கிறது. ஏப்ரலில் நான் எடுத்து வைத்த வாக்கியத்தை, ஒரு சொல்லும் மாற்றாமல், இந்த இடத்தில் வைத்தேன். இப்போது அது அவளுடைய மூக்கு.

மே 16

நேற்று கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்பட்ட சிரசு, கோபாலபுரத்தில் கெங்கையம்மன் உடலில் பொருத்தப்படும் வரை கூட்டத்தோடு நின்றேன். கலைவாணியும் முதலாண்டுத் தேர்வு முடிந்து வைகாசி முதல் நாளில் ஊரில்தான் இருப்பாள்.

வெட்டுண்ட தலை வேறோர் உடலில் சேரும் ரேணுகை கதை, ஊரை விட்டுப் போய்த் திரும்பியவளின் கதைக்கு அச்சாகப் பொருந்துகிறது. அதனாலேயே அதைக் கதையில் விளக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். குடியாத்தத்துப் பெண்ணுக்குச் சிரசு என்பது குறியீடு அல்ல. நெரிசல், சூறைத் தேங்காய்ச் சில்லு தெறிக்கும் தெரு, வெளியூரிலிருந்து வந்து குவியும் உறவினர், அன்று இலை நனைக்காத வீடு.

ஆகவே திருவிழா இரண்டு பக்கங்களில் கடந்துபோகும். அந்தக் கூட்டத்தில், உடன் வந்திருக்கும் அறைத்தோழி, “அம்மா என்ன வேலை பாக்குறாங்க?” என்று அத்தையிடம் கேட்க, அத்தை பதில் சொல்லும் முன் கலைவாணியே சொல்லிவிடுகிறாள். சொன்னதும் தோழியின் முகத்தை அவள் பார்க்கிறாளா என்பதை இன்னும் எழுதவில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்கு அடையாள அட்டையைத் தாயிடம் கேட்டு வாங்கும் காட்சியை முதலில் எழுதிவிட்டு இதற்கு வருவேன்.