அறுபது நாள் நோட்டீஸ், கையில் இருந்தது இருபது நாள்

கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். கணவருக்கு ஹாம்பர்க்கில் வேலை கிடைத்திருந்தது. எங்கள் எல்லோருடைய விசாவும் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட, ஜூன் 26 இரவுக்கு டிக்கெட் போட்டார். அன்று ஜூன் 3. என் நியமன உத்தரவில் நோட்டீஸ் காலம் அறுபது நாள்.

அன்றிரவு ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது ஒன்றரைப் பக்கம் வந்தது. விசாவுக்கு அலைந்த கதை, மகளின் பள்ளிக்கூடம், மூன்று இடத்தில் மன்னிப்பு. படித்துப் பார்த்தால் யாரிடமோ மாட்டிக்கொண்டு சாக்கு சொல்வதுபோல இருந்தது. எல்லாவற்றையும் அழித்தேன்.

அப்புறம்தான் காலண்டரைப் பார்த்தேன். கணக்குக்காரர்களுக்கு மாதம் ஒன்றாம் தேதி தொடங்குவதில்லை. முந்தைய மாதத்துக்காக 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11இல் ஜிஎஸ்டிஆர்-1, 20இல் 3பி என்று ஜிஎஸ்டி தாக்கல்கள். ஜூனில் கூடுதலாக 15ஆம் தேதிக்குள் எல்லோருக்கும் ஃபார்ம் 16 கொடுக்க வேண்டும். 23ஆம் தேதி கிளம்பினால் மே மாத வேலை எதையும் பாதியில் போட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. பெட்டி கட்ட மூன்று நாள் போதும் என்று முடிவு செய்தேன். (போதவில்லை, அது வேறு கதை.)

காலையில் முதலில் மேலாளர் அறைக்குப் போய் நேரில் சொன்னேன். மெயிலில் பார்த்துத் தெரிந்துகொள்வது அவருக்கு மரியாதையாக இருக்காது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அங்க இருந்தே பார்த்துக் கொடுக்க முடியாதுங்களா மேடம்?” என்றார். அந்த நாட்டில் உட்கார்ந்து இங்கே சம்பளம் வாங்கினால் இரண்டு பக்கமும் வரிச் சிக்கல் வரும், வேண்டாம் சார் என்றேன். அது அவருக்கும் தெரியும்.

இடத்துக்கு வந்ததும் மெயில் அனுப்பினேன். ஆங்கிலத்தில் அனுப்பியது, தமிழில் இவ்வளவுதான்:

“என் கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே குடியேறுவதால் பணியிலிருந்து விலகுகிறேன். ஜூன் 23ஐ என் கடைசி வேலை நாளாக ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நோட்டீஸில் குறையும் நாட்களை என் ஈட்டிய விடுப்பிலும், மீதியை நியமன உத்தரவுப்படியும் சரிசெய்துகொள்ளலாம். மே மாதத் தாக்கல்களை முடித்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டுச் செல்வேன். இந்த ஆறு வருடங்களுக்கு மனமார்ந்த நன்றி.”

மூன்றாவது வரிதான் வேலை செய்தது. அது இல்லாவிட்டால் “நோட்டீஸுக்கு என்ன பண்றது?” என்று நாலைந்து மெயில் போய் வந்திருக்கும். ஜூன் 4 முதல் 23 வரை இருபது நாள். விடுப்பு பதினெட்டு. ஆக, பணமாகக் கட்ட வேண்டியது இருபத்திரண்டு நாளுக்கு.

ஹெச்ஆர் முதலில் மொத்தச் சம்பளமான 48,000 ரூபாயை வைத்து 35,200 போட்டு, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்திருந்தார்கள். நியமன உத்தரவில் அடிப்படைச் சம்பளம் என்றே இருந்தது. அது 30,000. நாளுக்கு ஆயிரம் வீதம் 22,000 தான் வரும். நோட்டீஸ் தொகைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2022 ஆகஸ்டிலேயே மறைமுக வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டாயிற்று. இரண்டையும் இணைத்து, “தயவுசெய்து ஒருமுறை சரிபார்க்க முடியுமா?” என்று மட்டும் கேட்டேன். மறுநாள் திருத்தி வந்தது. கோபப்பட்டிருந்தால் ஒரு வாரம் இழுத்திருக்கும்.

ஏற்புக் கடிதத்துக்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லோரும் வாயால் “சரிங்க, ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்றார்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கிளம்பினால் நாளைக்கு, சொல்லாமல் நின்றுவிட்டார் என்று பதிவாகலாம், பணி விடுவிப்புக் கடிதமும் சிக்கும். கடைசித் தேதியைக் குறிப்பிட்டு மெயில் வரும்வரை தினமும் ஒரு தடவை நினைவூட்டினேன். நான்காம் நாள் வந்தது. பிஎஃப் கணக்கிலும் விலகிய தேதியை அவர்கள்தான் முதலில் பதிய வேண்டும் என்பதால், அதையும் அப்போதே கேட்டுவைத்தேன்.

ஒப்படைப்பில் கணக்குகளைவிட என் செல்போன் எண்தான் பெரிய தலைவலி. ஜிஎஸ்டி தளம், வருமான வரி, வங்கி, எல்லாவற்றுக்கும் ஓடிபி எனக்குத்தான் வந்துகொண்டிருந்தது. ஜூனியர் பையனை உட்காரவைத்து ஒவ்வொன்றாக மாற்றினோம். பட்டியல் போட்டு டிக் அடித்தும் ஒன்று விட்டுப்போயிற்று. ஜூலையில் ஒருநாள் விடியற்காலை ஐந்தரைக்கு ஹாம்பர்க்கில் போன் சிணுங்கியது. சரக்கு லாரி கிளம்பத் தேவையான இ-வே பில்லுக்கு ஓடிபி. பின்னாலேயே வாட்ஸ்அப்பில் அவன்: “அக்கா, தூங்கறீங்களா? லாரி நிக்குது.”